துணைக்கோப்பை யாரும் திருத்துவதில்லை: கரிம வேதியியல் ஆய்வு நெறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நெறியாளர்களுக்கு,

வணக்கம். நான் கரிம வேதியியல் படித்தவன். சில வருடங்கள் ஆய்வகத்தில் வினை வைத்து, சிலிக்கா குழாயில் சேர்மங்களைப் பிரித்து, என்.எம்.ஆர். எடுத்துவிட்டு, அதன்பின் வேதியியல் ஆய்விதழ்களுக்குக் கட்டுரைகளைச் செம்மைப்படுத்தும் வேலைக்கு வந்தேன். உங்கள் மாணவர்கள் எழுதும் கட்டுரையை அச்சுக்குப் போகும் முன் வரி வரியாகப் படிப்பதுதான் என் அன்றாட வேலை. அங்கே திரும்பத் திரும்பப் பார்க்கும் ஒன்றை உங்களிடம் நேராகச் சொல்ல வேண்டும் என்று பல நாளாக நினைத்திருந்தேன்.

கட்டுரையோடு வரும் சப்போர்ட்டிங் இன்ஃபர்மேஷன் கோப்பைப் பற்றித்தான் பேசப்போகிறேன். ஆய்வகத்தில் அதை எஸ்.ஐ. என்போம். அலகுகளைப் பற்றிப் பேசும்போது அந்தச் சுருக்கம் குழப்பும் என்பதால் இங்கே துணைக்கோப்பு என்றே எழுதுகிறேன்.

பல மாணவர்களுக்குத் தெரியாத ஒரு நடைமுறையை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான இதழ்களில் கட்டுரையை மட்டும்தான் நாங்கள் திருத்துகிறோம். துணைக்கோப்பு நீங்கள் அனுப்பிய வடிவத்திலேயே இணையத்தில் ஏறிவிடும். கட்டுரையில் `12 hrs` என்று இருந்தால் `12 h` ஆக்குவேன், சேர்மத்தின் பெயரை இதழின் வழக்கப்படி மாற்றுவேன், அலகுக்கு முன்னால் இடைவெளி விடுவேன். துணைக்கோப்பில் அதே `12 hrs`, அதே பழைய பெயர் அப்படியே நிற்கும். அதாவது என் வேலை முடியும்போது இரண்டுக்கும் இடையே வேறுபாடு கொஞ்சம் கூடவே செய்கிறது. இரண்டையும் ஒத்திசைக்கும் கடைசி வாய்ப்பு உங்கள் மேசையில்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு அந்தப் பொறுப்பு யாரிடமும் இல்லை.

ஓர் உதாரணத்தோடு போகிறேன். யாருடைய கட்டுரையையும் சுட்டிக்காட்ட விரும்பவில்லை. அதனால் எல்லோரும் ஒருமுறையாவது செய்துபார்த்த சுசுகி இணைப்பு வினையை எடுத்துக்கொள்கிறேன். 4-புரோமோஅனிசோலையும் ஃபீனைல்போரானிக் அமிலத்தையும் சேர்த்தால் 4-மெத்தாக்சிபைஃபீனைல். நான் பார்த்த பிழைகளை இந்த ஒரே சேர்மத்தின் மேல் வைத்துக் காட்டுகிறேன். துணைக்கோப்பில் செய்முறை இப்படி ஆரம்பிக்கிறது என்று வையுங்கள்:

```
4-bromoanisole (125 µL, 187 mg, 1.00 mmol, 1.0 equiv)
phenylboronic acid (146 mg, 1.20 mmol, 1.2 equiv)
Pd(PPh3)4 (58 mg, 0.020 mmol, 2 mol %)
K2CO3 (276 mg, 2.00 mmol, 2.0 equiv)
```

பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. கால்குலேட்டரை எடுத்து ஒவ்வொரு வரியிலும் மில்லிகிராமை மூலக்கூறு எடையால் வகுத்துப் பாருங்கள். 187-ஐ 187.03-ஆல் வகுத்தால் 1.00, சரி. 146-ஐ 121.93-ஆல் வகுத்தால் 1.20, அதுவும் சரி. 276-ஐ 138.21-ஆல் வகுத்தால் 2.00. பல்லேடியம் வரிக்கு வாருங்கள். அந்த வினையூக்கியின் மூலக்கூறு எடை 1155.6. 58-ஐ அதால் வகுத்தால் 0.050 மில்லிமோல் வருகிறது. அது 5 மோல் சதவீதம். வரியில் எழுதியிருப்பதோ 2. இரண்டு மோல் சதவீதம் என்றால் தராசில் 23 மில்லிகிராம் வந்திருக்க வேண்டும்.

இது எப்படி நடக்கிறது என்பது எனக்குப் பழகிப்போன கதை. தொடக்கத்தில் 5 மோல் சதவீதத்தில் வினை வைத்திருப்பார்கள். அப்புறம் 2 போதும் என்று தெரிந்திருக்கும். செய்முறையை எழுதும்போது பழைய பத்தியை நகலெடுத்து, கண்ணில் படும் `5 mol %`-ஐ மட்டும் `2 mol %` ஆக்கி, பக்கத்தில் இருக்கும் மில்லிமோலையும் மாற்றியிருப்பார்கள். மில்லிகிராம் மட்டும் விட்டுப்போயிருக்கும். கட்டுரையின் அட்டவணையிலும் 2 என்று இருப்பதால் மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு எல்லாம் பொருந்தும். இந்த வினையைத் திரும்பச் செய்பவர் எதைப் பார்த்து எடை போடுவார்? தராசுக்கு முன்னால் நிற்பவர் மில்லிகிராமைத்தான் பார்ப்பார். வினை ஓடிவிடும், அவருக்குப் பிழையே தெரியாது. பல்லேடியத்தை இரண்டரை மடங்கு போட்டுவிட்டு, 2 மோல் சதவீதத்தில் நடக்கிறது என்று அவரும் தன் கட்டுரையில் எழுதுவார்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த மாதிரி முரண்பாட்டைப் பார்த்து நான் கேள்வி அனுப்பினால், பல நேரம் அரை மணி நேரத்தில் பதில் வந்துவிடுகிறது: “58-ஐ 23 என்று மாற்றிவிடுங்கள்.” குறிப்பேட்டைத் திறந்து பார்த்திருந்தால் அவ்வளவு சீக்கிரம் பதில் வராது. எண்கள் ஒன்றோடொன்று பொருந்திவிட்டன, ஆனால் எது உண்மையில் குடுவைக்குள் போனது என்பது யாருக்கும் தெரியாமலே போய்விட்டது. இரண்டு கோப்புகள் முரண்படும்போது இரண்டையும் நம்பக் கூடாது. ஆய்வகக் குறிப்பேட்டில் அன்றைய தேதியில் எழுதிய எடைதான் தீர்ப்பு சொல்ல வேண்டும். 58 மில்லிகிராம்தான் போட்டார்கள் என்றால், திருத்த வேண்டியது அட்டவணையில் உள்ள 2-ஐ. அது கட்டுரையின் தலைப்பையே தொட்டாலும் சரி.

அதே செய்முறையின் முதல் வரிக்கு வருகிறேன். `125 µL`. இதில் வரும் மைக்ரோ குறியை மாணவர்கள் பல விதமாக அடிக்கிறார்கள். பழைய வழக்கப்படி `m` என்று அடித்து அதற்கு Symbol எழுத்துருவைக் கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். திரையில் µ போலவே தெரியும். ஆனால் முழுக் கோப்பையும் தேர்ந்தெடுத்து வேறு எழுத்துருவுக்கு மாற்றினால், அல்லது வேறு மென்பொருளில் திறந்தால், அது மறுபடி `m` ஆகிவிடும். 125 மைக்ரோலிட்டர் 125 மில்லிலிட்டர் ஆகிவிட்டது. 187 மில்லிகிராம் புரோமோஅனிசோல் இருந்த இடத்தில் 187 கிராம். இந்த உதாரணத்தில் பக்கத்திலேயே மில்லிகிராமும் மில்லிமோலும் இருப்பதால் யாரும் ஏமாற மாட்டார்கள். நீர்மத்துக்குக் கன அளவை மட்டும் எழுதிவிட்டுப் போகும் செய்முறைகளில் அந்தப் பாதுகாப்பு இல்லை. அதனால்தான் ஊசியால் எடுத்து ஊற்றிய பொருளுக்கும் கன அளவு, எடை, மில்லிமோல் மூன்றையும் எழுதச் சொல்கிறேன். ஒன்று கெட்டால் மற்ற இரண்டும் காட்டிக்கொடுக்கும்.

எழுத்துருப் பிரச்சினை இல்லாமல் நேராக அடித்தாலும் யூனிகோடில் மைக்ரோ குறி ஒன்று, கிரேக்க எழுத்து மியூ ஒன்று என இரண்டு இருக்கின்றன. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. கட்டுரையில் ஒன்றும் துணைக்கோப்பில் மற்றதும் இருந்தால், ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாமல் போகலாம். ஒன்றைத் தேர்ந்தெடுத்து இரண்டு கோப்பிலும் அதையே வையுங்கள்.

சரி, விளைச்சலுக்கு வருவோம். முக்கிய எண்ணுருக்கள் என்று பதினொன்றாம் வகுப்பில் படித்தது ஆராய்ச்சியில் எங்கே காலை வாருகிறது என்பதை இங்கேதான் நன்றாகப் பார்க்கலாம்.

நம் சேர்மம் உலர்ந்த பிறகு 170.4 மில்லிகிராம் இருந்தது என்று வையுங்கள். மூலக்கூறு எடை 184.24. ஒரு மில்லிமோல் அளவில் வைத்த வினை. கணக்கிட்டால் விளைச்சல் 92.488 சதவீதம். துணைக்கோப்பை எழுதிய மாணவர் ஒரு தசம இடத்துக்கு முழுமைப்படுத்தி `92.5%` என்று போட்டார். அட்டவணை தயாரித்தவர் எக்செல் தாளில் இருந்து நேராக எடுத்து `92%` என்றார். சுருக்கத்தை எழுதியவர் துணைக்கோப்பைப் பார்த்து 92.5-ஐ முழுமைப்படுத்தி `93%` என்றார். ஒரே குடுவை, ஒரே தராசு, ஒரே நாள். கட்டுரையில் மூன்று எண்கள். மூன்று பேரில் ஒருவரும் தட்டச்சுப் பிழை செய்யவில்லை. ஏற்கெனவே முழுமைப்படுத்திய எண்ணை மறுபடி முழுமைப்படுத்தியதுதான் காரணம். இந்த இடத்தில் மதிப்பீட்டாளர், விளைச்சலை யாரோ கூட்டிக் காட்டுகிறார்கள் என்று சந்தேகப்பட்டால் அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

இதற்கு வழி எளிது. மில்லிகிராமைத் தராசு காட்டியபடி ஓர் இடத்தில் வையுங்கள். விளைச்சலை எல்லா இடத்திலும் அந்த மில்லிகிராமிலிருந்து ஒரே ஒரு முறை, முழு எண்ணாக முழுமைப்படுத்துங்கள். கட்டுரை, துணைக்கோப்பு, சுருக்கம், வரைபடம் எல்லாவற்றிலும் 92.

முழு எண் ஏன்? ஊசியில் 125 மைக்ரோலிட்டர் எடுக்கும்போதே ஒரு சதவீதம் முன்னே பின்னே போகும். பிரிபுனலில், உலர்த்தும் சோடியம் சல்பேட்டில், சிலிக்காவில், ரோட்டா குடுவையின் கழுத்தில் கொஞ்சம் கொஞ்சம் தங்கும். கரைப்பான் முழுதாகப் போகவில்லை என்றால் எடை கூடும். இத்தனைக்கும் நடுவே 92.5 என்று எழுதினால், இதே வினையை அடுத்த வாரம் வைத்தால் 92.4-க்கும் 92.6-க்கும் இடையே வரும் என்று சொல்வதாக அர்த்தம். உங்களில் யாரும் அப்படிச் சொல்லத் துணிய மாட்டீர்கள். ஆனால் உங்கள் கட்டுரை சொல்லிக்கொண்டிருக்கிறது.

இதைக் கேட்டு, எல்லா எண்ணையும் வெட்டிவிடலாம் என்று மாணவர்கள் கிளம்பிவிடக் கூடாது. வெட்டக் கூடாத இடமும் இருக்கிறது. நம் சேர்மத்தின் கார்பன் என்.எம்.ஆர். நிறமாலையில் ஒன்பது கோடுகள் வர வேண்டும். மூலக்கூறில் 13 கார்பன் இருந்தாலும் சமச்சீரால் நான்கு ஜோடிகள் ஒன்றாகிவிடும். அந்த ஒன்பதில் இரண்டு கோடுகள் 127-க்குச் சற்றுக் கீழே, 0.1 பிபிஎம் இடைவெளியில் நிற்கின்றன. யாராவது “ஒழுங்குபடுத்துகிறேன்” என்று எல்லா எண்ணையும் முழு எண்ணாக்கினால் இரண்டும் 127 ஆகிவிடும். எண்ணிப் பார்ப்பவருக்கு எட்டுக் கோடுதான் கிடைக்கும், ஒரு கார்பன் எங்கே என்று கேட்பார். கார்பனுக்கு ஒரு தசம இடம், புரோட்டானுக்கு இரண்டு தசம இடம் என்ற வழக்கத்தை அப்படியே விட்டுவிடுங்கள். பிணைப்பு மாறிலி ஜே-வுக்கு ஒரு தசம இடம் போதும். நான்கு நொடி தரவு சேகரித்தால் கருவி பிரித்துக் காட்டக்கூடியது சுமார் கால் ஹெர்ட்ஸ்தான். மென்பொருள் 8.73 என்று காட்டுகிறது என்பதற்காக அதை எழுதக் கூடாது.

கணக்கீட்டு வேதியியல் சேர்ந்த கட்டுரைகளில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். அந்தப் பகுதி பெரும்பாலும் வேறொரு குழுவிலிருந்து வரும். கட்டுரையில் ஆற்றல் தடை கிலோகலோரியில் 22.4 என்று இருக்கும், துணைக்கோப்பின் அட்டவணையில் கிலோஜூலில் 93.7 என்று இருக்கும். 4.184-ஆல் பெருக்கினால் இரண்டும் ஒன்றுதான், ஆனால் படிப்பவர் ஒவ்வொரு முறையும் பெருக்கிக்கொண்டிருக்க வேண்டுமா? இதைவிடப் பெரியது ஹார்ட்ரீ எண்கள். ஒரு ஹார்ட்ரீ என்பது மோலுக்கு 627.5 கிலோகலோரி. மொத்த ஆற்றல் நூற்றுக்கணக்கான ஹார்ட்ரீ என்பதால், “இரண்டு தசமம் போதும்” என்று யாராவது வெட்டினால், வினைபடுபொருளிலும் இடைநிலையிலும் தலா 0.005 வரை பிழை நுழையும். கழித்துப் பார்க்கும்போது அது 0.01 ஹார்ட்ரீ வரை போகலாம், அதாவது ஆறு கிலோகலோரிக்கும் மேல். அறை வெப்பநிலையில் வினை வேகத்தில் பத்தாயிரம் மடங்குக்கும் மேலான வித்தியாசம் அது. பெரிய இரண்டு எண்களைக் கழித்துச் சிறிய எண்ணை எடுக்கும் இடத்தில், மூல எண்களைக் குறைந்தது ஐந்தாறு தசம இடத்தோடு விட்டுவைக்க வேண்டும். முழுமைப்படுத்துவது கடைசி விடையில் மட்டும்.

அடுத்தது உயர்துல்லிய நிறை நிறமாலை எண்கள், நாம் எச்.ஆர்.எம்.எஸ். என்று சொல்வது. நான் தனியாக நேரம் ஒதுக்கிச் சோதிப்பது இதைத்தான். ஏனென்றால் இங்கே நடக்கும் பிழை மிகச் சிறியது, ஆனால் தீர்ப்பை மாற்றிவிடும்.

நம் சேர்மம் `C13H12O`. புரோட்டான் சேர்ந்த அயனியின் எதிர்பார்க்கும் மதிப்பைக் கணக்கிட, சிலர் நடுநிலை மூலக்கூறின் துல்லிய நிறையோடு ஹைட்ரஜன் அணுவின் 1.00783-ஐக் கூட்டிவிடுகிறார்கள். 185.0966 வரும். ஆனால் சேர்ந்தது அணு இல்லை, புரோட்டான். ஓர் எலக்ட்ரான் குறைவு. அதன் நிறை 0.00055. அதைக் கழித்தால் 185.0961. வித்தியாசம் நான்காவது தசம இடத்தில்தான், ஆனால் இந்த அளவுள்ள சேர்மத்தில் அது மில்லியனில் மூன்று பங்கு. பல இதழ்கள் ஏற்கும் எல்லையே ஐந்து பங்கு. பாதிக்கு மேல் இங்கேயே தீர்ந்துவிட்டது.

கருவி 185.0955 காட்டியது என்று வையுங்கள். சரியான மதிப்போடு ஒப்பிட்டால் பிழை 3.2 பிபிஎம், எல்லைக்குள் இருக்கிறது. தவறான மதிப்போடு ஒப்பிட்டால் 5.9, எல்லைக்கு வெளியே. நல்ல சேர்மத்தை மாணவர் மறுபடி சுத்திகரித்துக்கொண்டிருப்பார். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும், அது இன்னும் மோசம். ஒரே துணைக்கோப்பில் பாதிச் சேர்மங்களுக்கு எலக்ட்ரானைக் கழித்தும் பாதிக்குக் கழிக்காமலும் இருப்பதைப் பார்க்கும்போது எனக்கு உடனே புரிந்துவிடும், இரண்டு மாணவர்கள் வேறு வேறு விதமாகக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். இதை ஒரே இடத்தில், ஒரே சூத்திரத்தில் போட்டுவிட்டால் போதும்:

```
C, H, O, e = 12.0, 1.00782503, 15.99491462, 0.00054858
print(round(13*C + 13*H + O - e, 4))   # 185.0961
```

பெயர்களைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் ஒரு சேர்மத்துக்கு ஒரே கட்டுரைக்குள் நான் பார்க்கக்கூடிய பெயர்கள்: `4-methoxybiphenyl`, `p-methoxybiphenyl`, `4-phenylanisole`, `4-methoxy-1,1'-biphenyl`. எதுவும் தவறான மூலக்கூறைச் சொல்லவில்லை. ஐயுபேக் 2013 பரிந்துரைகளின்படி கடைசியில் உள்ளதுதான் முன்னுரிமைப் பெயர், கெம்டிராவும் அதைத்தான் தரும். தொடக்கப்பொருளுக்கும் இதே கதைதான். பாட்டிலில் `4-bromoanisole` என்று இருக்கும், கெம்டிரா `1-bromo-4-methoxybenzene` என்று தரும்.

என் கருத்து இது: வாங்கிய பொருள்களுக்குப் பாட்டிலில் உள்ள பெயரை வைத்துக்கொள்ளுங்கள். அதைத்தான் ஆய்வகத்தில் தேடுவார்கள். நீங்கள் தயாரித்த சேர்மங்களுக்கு எல்லாம் ஒரே முறையில் உருவான முறையான பெயரை வையுங்கள், இரண்டு கோப்பிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக. இதைவிட வேறு விதியையும் நீங்கள் வைத்துக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. பாதி அப்படி, பாதி இப்படி என்று இருப்பதுதான் தொந்தரவு.

பெயருக்குள் ஒளிந்திருக்கும் இன்னொரு சின்னப் பொருள் அந்த மேல் கோடு, பிரைம். மாணவர் விசைப்பலகையில் நேரான மேற்கோள் குறியாக அடிப்பார். வேர்ட் அதைத் தானாக வளைந்த மேற்கோள் குறியாக மாற்றிவிடும். கெம்டிராவிலிருந்து ஒட்டிய பெயரில் வேறொன்று இருக்கும். சில நேரம் கோப்பு மாறும்போது அது காணாமலே போகும். `1,1'-biphenyl` என்பது `1,1-biphenyl` ஆகிவிட்டால் அந்தப் பெயருக்கு அர்த்தமே இல்லை.

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும் பிழைகள். எனக்குப் பயம் தருவது நகலெடுத்து ஒட்டுவதால் வரும் பெயர்ப் பிழை. முந்தைய சேர்மத்தின் பத்தியை நகலெடுத்து எண்களை மாற்றிவிட்டு, தலைப்பில் `4-methoxy` இருக்க வேண்டிய இடத்தில் `3-methoxy`-ஐ மறந்து விட்டுவிடுவார்கள். எச்.ஆர்.எம்.எஸ். இதைக் காட்டிக்கொடுக்காது, இரண்டும் மாற்றியங்கள், மூலக்கூறு வாய்பாடு ஒன்றே. எளிதாகக் காட்டிக்கொடுப்பது கார்பன் நிறமாலைதான்: 4-மெத்தாக்சிக்கு ஒன்பது கோடு, 3-மெத்தாக்சிக்குச் சமச்சீர் குறைவதால் பதினொன்று. கார்பன் கோடுகளை எண்ணும் பழக்கம் உள்ளவர் ஒரு நிமிடத்தில் பிடித்துவிடுவார். தசம இடத்தை வெட்டி இரண்டு கோட்டை ஒன்றாக்கியிருந்தால் அவருக்கும் குழப்பம்தான்.

அதைவிட அடிக்கடி நடப்பது எண் நகர்வு. கட்டுரையில் சேர்மங்கள் 3a முதல் 3l வரை இருக்கும். மதிப்பீட்டாளர் 3f-இன் தூய்மை போதவில்லை என்பார், அதை எடுத்துவிடுவீர்கள். 3g இனி 3f, 3h இனி 3g. கட்டுரையில் எண்கள் மாறும், துணைக்கோப்பின் தலைப்புகளும் மாறும். ஆனால் கடைசியில் உள்ள நிறமாலைப் பக்கங்களில் எண் படத்துக்குள்ளேயே அச்சாகியிருக்கிறது. வேர்டின் தேடலுக்கு அது அகப்படாது. விளைவாக, எழுத்தில் 3g என்று விவரித்த சேர்மத்தைத் தேடிப் போனவருக்கு, `3g` என்று எழுதியிருக்கும் படத்தில் இப்போதைய 3f-இன் நிறமாலை கிடைக்கும். ஓர் இடம் தள்ளிப்போன வரிசை. நான் மாணவனாக இருந்தபோது ஒரு குழுவின் கட்டுரையைப் பார்த்து ஒரு சேர்மத்தைத் தயாரித்து, என் நிறமாலை அவர்களுடையதோடு பொருந்தவில்லை என்று இரண்டு வாரம் மறுபடி மறுபடி வினை வைத்தேன். ஒரு நாள் இரவு அடுத்த பக்கத்தைத் தற்செயலாகப் புரட்டியபோதுதான் என் சேர்மம் அங்கே இருந்தது.

இதைத் தவிர்க்க ஒரு பழக்கம் போதும். கருவியில் மாதிரியைக் கொடுக்கும்போதே குறிப்பேட்டின் எண்ணை, உதாரணமாக `KM-2-147` என்பதை, நிறமாலையின் தலைப்பாகக் கொடுங்கள். அந்த எண் கட்டுரை எத்தனை முறை திருத்தப்பட்டாலும் மாறாது. சேர்ம எண்ணைப் படத்துக்குள் எழுதாமல், கோப்பில் படத்துக்குக் கீழே எழுத்தாக வையுங்கள். எண் நகர்ந்தால் எழுத்தை மட்டும் மாற்றினால் போதும்.

உங்களிடம் நான் கேட்பதை இப்போது சொல்கிறேன். ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரே ஒரு தாள், எக்செல் போதும். சேர்மத்துக்கு ஒரு வரிசை. அதில் குறிப்பேட்டு எண், கட்டுரையில் உள்ள எண், பெயர், வாய்பாடு, மூலக்கூறு எடை, எடுத்த மில்லிமோல், கிடைத்த மில்லிகிராம், எச்.ஆர்.எம்.எஸ். எதிர்பார்ப்பும் கண்டதும். விளைச்சலைத் தாளே கணக்கிடட்டும். கட்டுரையின் அட்டவணையும் துணைக்கோப்பும் இந்தத் தாளிலிருந்துதான் நிரம்ப வேண்டும், ஒன்றைப் பார்த்து மற்றொன்றை நிரப்பக் கூடாது. அந்தத் தாளின் முதல் பக்கத்தில் குழுவின் முடிவுகளை எழுதிவையுங்கள்: நேரத்துக்கு `h`, ஆற்றலுக்கு எந்த அலகு, விளைச்சல் முழு எண், எந்த மியூ, எந்த பிரைம். பத்து வரிக்கு மேல் வராது.

கட்டுரை அனுப்பும் முன் ஒரு மதியத்தை ஒதுக்குங்கள். அந்தச் சேர்மங்களைத் தயாரிக்காத மாணவர் ஒருவரிடம் கால்குலேட்டரைக் கொடுத்து, ஏதாவது மூன்று சேர்மங்களை எடுத்து, துணைக்கோப்பில் உள்ள ஒவ்வொரு மில்லிகிராமையும் வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், கார்பன் கோடுகளை எண்ணச் சொல்லுங்கள், நிறமாலைப் பக்கத்தின் குறிப்பேட்டு எண்ணைத் தாளோடு ஒப்பிடச் சொல்லுங்கள். மூன்றில் ஒன்று தவறினாலும் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். எழுதியவரே பார்த்தால் பிழை தெரியாது, அவர் கண் தான் எழுத நினைத்ததைத்தான் படிக்கும். மதிப்பீட்டுக்குப் பிறகு திருத்தி அனுப்பும்போது கட்டுரையோடு துணைக்கோப்பையும் மறுபடி முழுதாக ஏற்றுங்கள். எண் நகர்வுகளில் பெரும்பகுதி அந்தக் கட்டத்தில்தான் நுழைகிறது.

மாணவர்கள் இதை ஏன் தாமாகச் செய்வதில்லை என்று என்னிடம் கேட்கலாம். துணைக்கோப்பு பெரும்பாலும் கடைசி இரண்டு நாளில், இளைய மாணவர் கையில் விடப்படுகிறது. அவர் பெயர் ஆசிரியர் வரிசையில் மூன்றாவதோ நான்காவதோ இருக்கும், கட்டுரையின் சமீபத்திய வடிவம் அவருக்கு வந்து சேர்ந்திருக்காது. நூற்றைம்பது பக்கத்தை அவர் தனியாக முடிப்பார். நீங்கள் கட்டுரையின் முன்னுரையைப் பத்து முறை திருத்தியிருப்பீர்கள், துணைக்கோப்பை ஒரு முறையாவது அவரோடு உட்கார்ந்து புரட்டியிருப்பீர்களா? இதைக் கோபத்தில் கேட்கவில்லை. அந்த மாணவரிடமிருந்து வரும் பதில்களை நான் படிக்கிறேன், அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்பது அதில் தெரிகிறது.

மெய்ப்பில் நீங்கள் 5 மோல் சதவீதம் என்று திருத்தியிருந்தாலும், துணைக்கோப்பில் பழைய 2 நிற்கிறது என்று கட்டுரை வெளியான பிறகு தெரிந்தால், தயங்காமல் இதழுக்குத் திருத்தக் குறிப்பு அனுப்புங்கள். யாரும் உங்களைக் குறைவாக நினைக்கப்போவதில்லை. 58 மில்லிகிராமை எடை போட்டு நிற்கும் இன்னொரு மாணவருக்கு அந்தக் குறிப்பு வேண்டும்.

அன்புடன்,
உங்கள் கட்டுரைகளைச் செம்மைப்படுத்தும் ஒருவன்
சென்னை